உப்புத் தண்ணீரில் ஏன் நுரை வரவில்லை? வினவல்வழிக் கற்றலா, சிக்கல்வழிக் கற்றலா: புதிய ஆசிரியர்களுக்கு

தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஒரு ஒன்பதாம் வகுப்பில் போய், "போர் தண்ணியில சோப்பு ஏன் நுரைக்க மாட்டேங்குது?" என்று கேட்டுப் பாருங்கள். முழு வகுப்பும் ஒரே குரலில் சொல்லும்: "உப்புத் தண்ணி மிஸ்!"

பதில் பாதிதான் சரி. எந்த உப்பு என்று தோண்டத் தொடங்கினால் அது வினவல்வழிக் கற்றல். "சரி, அந்த வீட்டுக்காரங்க இப்போ என்னதான் பண்ணணும்?" என்று கேட்டு, ஒரு முடிவுக்கு வரச் சொன்னால் அது சிக்கல்வழிக் கற்றல். முதலாவதில் மாணவர் கையில் கடைசியில் இருப்பது ஒரு விளக்கம். இரண்டாவதில் இருப்பது ஒரு முடிவும் அதற்கான காரணங்களும். இரண்டிலும் மாணவர்கள்தான் பேசுகிறார்கள், குழுவாகத்தான் உட்கார்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்கிற ஹெச்.எம்.முக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பாடத்திட்டக் குறிப்பேட்டில் எதை எழுதுவது என்ற குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

வேர்கள் வேறு. சிக்கல்வழிக் கற்றல் 1969-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் பிறந்தது. நோயாளியின் கதையை முதலில் கொடுத்து, அதைப் புரிந்துகொள்ளத் தேவையான உடற்கூற்றையும் வேதியியலையும் மாணவர்களே தேடிப் படிக்க வைத்தார்கள். வினவல்வழிக் கற்றல் பள்ளி அறிவியல் ஆய்வகத்தில் வளர்ந்தது. விஞ்ஞானி எப்படிக் கேள்வியைச் சோதனையாக மாற்றுகிறாரோ அதை மாணவரும் செய்யட்டும் என்பது அதன் அடிப்படை. செயல்திட்டவழிக் கற்றல் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. ஆங்கிலச் சுருக்கத்தில் அதுவும் சிக்கல்வழிக் கற்றலும் பி.பி.எல். என்ற ஒரே மூன்று எழுத்து என்பதால் பயிற்சிக் கூட்டங்களில் இரண்டும் அடிக்கடி கலந்துபோகும். மாதிரியோ சார்ட்டோ செய்து முடிப்பது நோக்கம் என்றால் அது செயல்திட்டம். இங்கே அதைத் தொடவில்லை.

இனி ஒரே தண்ணீரை இரண்டு வழியிலும் நடத்திப் பார்ப்போம்.

வினவல் வழி: இரண்டு பீரியட்

45 பேர் வகுப்பு, 40 நிமிட பீரியட் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேராக ஒன்பது குழுக்கள். தேவையானவை: குழுவுக்கு ஒரு 5 மில்லி சிரிஞ்சு (ஊசி இல்லாதது), மூடியுள்ள ஒரே அளவுச் சிறு பாட்டில்கள் மூன்று, ஒரு கடிகாரம். பாட்டில் 30 மில்லிக்குக் குறையாமல் இருக்கட்டும். இல்லாவிட்டால் குலுக்க இடம் இருக்காது.

தண்ணீர் மாதிரிகள் ஐந்து: குழாயில் வரும் மெட்ரோ தண்ணீர், போர் தண்ணீர், கேன் தண்ணீர், மழைத் தண்ணீர், பேட்டரி கடையில் விற்கும் வாலை வடிநீர். மழைத் தண்ணீரை ஐப்பசி மழையில் திறந்த வெளியில் வாளி வைத்து நேரடியாகப் பிடியுங்கள். தகரக் கூரையிலிருந்தோ சிமென்ட் மாடியிலிருந்தோ வடிந்ததைப் பிடித்தால் அது மழைத் தண்ணீர் மட்டுமல்ல. கால்வாய்த் தண்ணீர், எண்ணூர் முகத்துவாரத் தண்ணீர் எடுத்து வரச் சொல்லாதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே எண்ணெய் கலந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். பிள்ளைகளைக் கரைக்கு அனுப்பும் வேலை இது இல்லை.

சோப்புக் கரைசலில்தான் பாதிப் பேர் வழுக்கி விழுகிறார்கள். ஷாம்பு, பாத்திரம் கழுவும் திரவம், பெரும்பாலான துணி பார்கள் எல்லாம் டிடர்ஜென்ட். அவை கடினநீரிலும் ஓரளவு நன்றாகவே நுரைக்கும். அவற்றை வைத்துச் சோதித்தால் எல்லாப் பாட்டிலும் பொங்கி வழிந்து, வகுப்பு "வித்தியாசமே இல்ல சார்" என்று முடித்துவிடும். உறையில் டி.எஃப்.எம். எண் அச்சிட்டிருக்கும் குளியல் சோப்பாகப் பார்த்து வாங்குங்கள். 5 கிராம் சீவி, அரை லிட்டர் வெதுவெதுப்பான வாலை வடிநீரில் கரையுங்கள். ஒன்பது குழுவுக்கும் இரண்டு பீரியடுக்கும் இது போதும். குழாய்த் தண்ணீரில் கரைத்தால் அந்தத் தண்ணீரே சோப்பில் ஒரு பங்கைத் தின்றுவிடும். கரைசல் ஆறினால் கெட்டியாகும். வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி வைத்தால் இளகிவிடும்.

மாதிரிகளுக்கு ஊர்ப் பெயர் எழுதாமல் க, ச, ட, த, ப என்று ஒட்டுங்கள். இதற்கு இரண்டு காரணம். "இது போர்" என்று தெரிந்தால் மாணவர் ஐந்து குலுக்கலிலேயே "வரல" என்று விட்டுவிடுவார். இன்னொன்று, யார் வீட்டுத் தண்ணீர் மோசம் என்ற பேச்சு வகுப்பில் எழக்கூடாது. லாரித் தண்ணீரை நம்பியே இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அது உறுத்தும்.

முதல் பீரியடின் முதல் ஐந்து நிமிடம் கணிப்பு. "எதுல நுரை சீக்கிரம் வரும், ஏன்?" என்று நோட்டில் ஒரு வரி எழுத வையுங்கள். எழுதாத கணிப்பு பின்னால் மாறிவிடும்; "நான் அப்பவே சொன்னேன்" என்பார்கள்.

பிறகு சோதனை. பாட்டிலில் 10 மில்லி தண்ணீர், அதில் அரை மில்லி சோப்புக் கரைசல். மூடிப் பத்து முறை குலுக்க வேண்டும். தண்ணீரின் மேற்பரப்பு முழுக்க நுரை மூடி ஒரு நிமிடம் நின்றால் நிறுத்தலாம். இல்லையென்றால் இன்னொரு அரை மில்லி. மொத்தம் எத்தனை மில்லி போனது என்பதுதான் அளவீடு. "நுரை வந்துச்சு" என்பதற்கு ஆளுக்கு ஒரு பொருள் இருப்பதால், "மேற்பரப்பு முழுக்க, ஒரு நிமிடம்" என்பதைப் பலகையில் எழுதியே வையுங்கள்.

ஒவ்வொரு குழுவும் ஐந்தையும் சோதிக்க நேரம் போதாது. வாலை வடிநீரை எல்லாக் குழுவும் செய்யட்டும். மற்ற நான்கில் குழுவுக்கு இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள். மூன்று பாட்டில் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பலகையில் ஒரே அட்டவணையில் எல்லோரும் எழுதும்போது ஒவ்வொரு மாதிரிக்கும் நான்கைந்து அளவீடு சேர்ந்துவிடும். ஒரு குழு 2 என்றும் இன்னொன்று 5 என்றும் எழுதியிருந்தால் அதை அழித்துவிடாதீர்கள். "ரெண்டு பேரும் ஒரே தண்ணிதானே எடுத்தீங்க?" என்று கேளுங்கள். குலுக்கியது எத்தனை முறை, சிரிஞ்சில் காற்றுக் குமிழி இருந்ததா என்று அவர்களே சண்டை போட்டுக் கண்டுபிடிப்பார்கள். அந்தச் சண்டையும் பாடம்தான்.

வாலை வடிநீருக்கும் மழைத் தண்ணீருக்கும் அரை, ஒரு மில்லி. கடினமான போர் தண்ணீருக்கு நான்கு, ஐந்து மில்லி. மெட்ரோ இடையில் எங்காவது. தெருவுக்குத் தெரு இது மாறும். போர் பாட்டிலில் மேலே நுரைக்குப் பதில் வெள்ளைத் திரிதிரியாக ஏதோ மிதக்கும். அதை எல்லோரும் பார்க்கும்படி வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். பெயர் மட்டும் சொல்லாதீர்கள்.

இங்கே மணி அடிக்க வேண்டும். ஏனென்றால் இப்போது வகுப்பு மொத்தமும் "உப்புதான் காரணம், பார்த்தீங்களா" என்ற திருப்தியில் இருக்கும்.

இரண்டாவது பீரியட் அதை உடைப்பதற்கு. "உப்புதான் காரணம்னா, சுத்தமான தண்ணியில உப்பு போட்டா என்ன ஆகணும்?" இந்தக் கேள்வியை முடிந்தால் மாணவரிடமிருந்தே வரவழையுங்கள், இரண்டு நிமிடத்தில் வராவிட்டால் நீங்களே கேளுங்கள். இரண்டு கரைசல் தயாராக இருக்கட்டும்: ஒரு லிட்டர் வாலை வடிநீரில் 1 கிராம் தூள் உப்பு, இன்னொரு லிட்டரில் மருந்துக் கடையில் கிடைக்கும் எப்சம் உப்பு 1 கிராம். கல் உப்பு வேண்டாம், அதில் மக்னீசியம் ஒட்டியிருக்கும். இரண்டையும் அதேபோல் சோதித்தால், தூள் உப்புத் தண்ணீர் ஏறக்குறைய வாலை வடிநீர் போலவே நுரைக்கும். எப்சம் உப்புத் தண்ணீர் இரண்டரை, மூன்று மில்லி குடித்துவிட்டுத்தான் நுரைக்கும். வெள்ளைத் திரியும் வரும்.

இரண்டும் உப்பு, அளவும் ஒன்று. ஆனால் ஒன்று சோப்பைத் தடுக்கிறது, மற்றது தடுக்கவில்லை. இந்த இடத்தில் வகுப்பில் விழும் அமைதிக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும். இப்போது விளக்கத்தை நீங்கள் நேராகவே சொல்லலாம், சொல்லவும் வேண்டும்: கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகிவிடுகின்றன, அவை தீரும்வரை நுரை வராது, சாதாரண உப்பின் சோடியம் இந்த அளவில் அப்படிச் செய்வதில்லை. நம் ஊரில் "உப்புத் தண்ணி" என்று ஒரே பெயரில் சொல்வது உண்மையில் இரண்டு குணம்: சாதாரண உப்பு தரும் உவர்ப்பும், கால்சியமும் மக்னீசியமும் தரும் கடினத்தன்மையும். கடலோரப் போர்வெல்களில் இரண்டும் சேர்ந்தே வருவதால் பேச்சில் பிரிக்கத் தேவைப்படவில்லை.

கெட்டிக்கார மாணவர் ஒருவர் "கடல் தண்ணி?" என்று கேட்பார். கடல்நீரில் 10 மில்லி சோப்பு ஊற்றினாலும் நுரை நிற்காது. அதில் மக்னீசியமும் ஏராளம். சோடியம் உப்பும் சோப்பையே கரைசலிலிருந்து வெளியே தள்ளும் அளவுக்கு இருக்கிறது. அதனால்தான் அதை ஐந்து மாதிரிகளில் சேர்க்கவில்லை. சேர்த்தால் "உப்புதான் காரணம்" என்ற தவறான முடிவு இன்னும் இறுகும். இரண்டாவது பீரியடின் கடைசியில் காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுங்கள்: நன்றாக நுரைக்கும் தண்ணீர் குடிக்க நல்ல தண்ணீர் என்று பொருளில்லை. கிருமியைப் பற்றி இந்தச் சோதனை எதுவும் சொல்லாது.

சிக்கல் வழி: நான்கு பீரியட், ஒரு வாரம்

இங்கே சோதனையில் தொடங்குவதில்லை. ஒரு தாளைக் கொடுக்கிறோம்:

"தண்டையார்பேட்டையில் 12 வீடுகள் உள்ள ஒரு அடுக்கக் குடியிருப்பு. வீட்டுக்கு நால்வர். குழாய்த் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள். மற்ற நாளில் போர். கீசரில் வெள்ளைப் படிவு கட்டி இரண்டு வீட்டில் கம்பிச்சுருள் எரிந்துவிட்டது. மூன்றாம் மாடிக்காரர் மொத்தக் கட்டடத்துக்கும் ஆர்.ஓ. போடலாம் என்கிறார். முதல் மாடி அம்மா ஒன்றுமே வேண்டாம் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். ஒரு பக்கப் பரிந்துரை எழுதித் தாருங்கள்."

இதில் ஒரே சரியான விடை கிடையாது. சிக்கல் நல்ல சிக்கல்தானா என்று பார்க்க ஒரு சோதனை: பாடப்புத்தகத்தைத் திறந்தவுடன் விடை கிடைத்தால் அது சிக்கல் இல்லை, பயிற்சிக் கணக்கு. பாடத்தைத் தொடாமலே விடை எழுத முடிந்தால் அது பட்டிமன்றம்.

முதல் பீரியடில் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகம் வகுத்த ஏழு படிகளில் முதல் ஐந்தை நடத்துகிறோம்: புரியாத சொற்களைத் தெளிவாக்குவது, சிக்கலை ஒரு வரியில் எழுதுவது, தெரிந்ததையெல்லாம் கொட்டுவது, அதை ஒழுங்கு செய்வது, தெரிந்துகொள்ள வேண்டியதைப் பட்டியலிடுவது. ஆறாவது படி தேடிப் படிப்பது, ஏழாவது கொண்டுவந்து பொருத்துவது. பள்ளியில் ஏழின் பெயரையும் சொல்லத் தேவையில்லை. ஒரு தாளை மூன்று பத்தியாக மடித்து "தெரிந்தது, தெரிய வேண்டியது, யாரிடம் எதில் பார்ப்பது" என்று எழுத வைத்தால் போதும்.

இதில் நிச்சயமாக நடக்கும் ஒரு கோளாறு: ஐந்தாவது நிமிடத்தில் ஒரு குழு "ஆர்.ஓ. போட்டா முடிஞ்சுது சார்" என்று பேனாவை வைத்துவிடும். நடுப் பத்தி காலியாக இருப்பதே அடையாளம். திட்டாதீர்கள், கணக்கு கேளுங்கள். 48 பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்ற நகர்ப்புற அளவுகோல்படி 6,480 லிட்டர். ஆர்.ஓ. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு லிட்டரைக் கழிவாக வெளியேற்றுகிறது என்று வைத்தால், போரிலிருந்து தினம் 19,440 லிட்டர் இறைக்க வேண்டும். "அந்த 13,000 லிட்டர் எங்க போகும்?" என்று ஒரே கேள்வி. குடிக்க மட்டும் என்றால் ஆளுக்கு மூன்று லிட்டர், மொத்தம் 144, கழிவு 288. அதே கருவி, அதே கட்டடம், ஆனால் முடிவு தலைகீழாகிறது.

இரண்டாவது பீரியடில் தகவல் தாள்கள். எல்லாவற்றையும் முதலிலேயே கொடுத்தால் படித்து ஒப்புவிப்பதாக முடியும்; எந்தக் குழு கேட்கிறதோ அதற்குக் கேட்ட தாளைக் கொடுங்கள். முதல் தாள் போர் தண்ணீரின் ஆய்வறிக்கை: கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 1,900 மி.கி., கடினத்தன்மை 720, குளோரைடு 610. இது வகுப்புக்காக நாம் அமைத்த எண். பக்கத்திலேயே குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500-ன் வரம்புகள்: திடப்பொருள் 500, வேறு ஆதாரம் இல்லாவிட்டால் 2,000 வரை, கடினத்தன்மை 200, அதேபோல் 600 வரை, குளோரைடு 250, 1,000 வரை. ஒன்று வரம்பைத் தாண்டுகிறது, மற்ற இரண்டும் இடைப்பட்ட இடத்தில் நிற்கின்றன. "தண்ணி நல்லாயிருக்கா இல்லையா" என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாதபடி எண்களை அமைப்பதில்தான் ஆசிரியரின் வேலை இருக்கிறது.

இன்னொரு தாள், மென்னீராக்கி பற்றி. அது கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். கீசர் பிழைக்கும், சோப்பு நுரைக்கும். உவர்ப்பு அப்படியே இருக்கும். அதைச் செய்யும் உள்ளே உள்ள பிசின் களைத்ததும் உப்புக் கரைசல் ஊற்றி மீட்க வேண்டும். 6,480 லிட்டரில் உள்ள கடினத்தன்மை மட்டும் சுமார் 4.7 கிலோ. அதை ஈடுகட்டக் கணக்குப்படியே தினம் ஐந்தரைக் கிலோ உப்பு வேண்டும், நடைமுறையில் இன்னும் கூடும். அந்த உப்புநீர் வடிந்து போவது அதே மண்ணுக்குள்ளோ அதே சாக்கடைக்கோதான். மூன்றாவது தாள் மழைநீர் சேகரிப்பு. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் அது கட்டாயம். அந்தக் கட்டடத்தின் குழி தூர்ந்து கிடக்கிறதா என்று எந்தக் குழுவாவது கேட்கிறதா பாருங்கள். விலைகளை மட்டும் நாம் எழுதிக் கொடுக்கக் கூடாது. மாணவர்களே பக்கத்துக் கடையில் கேட்டு வரட்டும். ஒவ்வொருவர் கொண்டுவரும் விலையும் வேறாக இருக்கும், பரவாயில்லை.

மூன்றாவது பீரியடில் எழுதுகிறார்கள், நான்காவதில் கூட்டம். ஒன்பது குழுவும் பேசினால் மணி அடித்துவிடும். மூன்று குழு பேசட்டும், மற்ற ஆறு சங்க உறுப்பினராக உட்கார்ந்து கேள்வி கேட்கட்டும். யார் பேசுவது என்பதைக் குழு முடிவு செய்யக் கூடாது. ஒன்று முதல் ஐந்து வரை எண் கொடுத்து அந்த நேரத்தில் ஒரு எண்ணைக் கூப்பிடுங்கள். ஒருத்தி எழுத நாலு பேர் வேடிக்கை பார்ப்பது இதில் பெரும்பாலும் நின்றுவிடும்.

மருத்துவக் கல்லூரியில் ஒவ்வொரு சிறு குழுவுக்கும் ஒரு வழிநடத்துநர் கூடவே உட்கார்ந்திருப்பார். இங்கே ஒன்பது குழுவுக்கு நீங்கள் ஒருவர். இந்த முறையின் பெரிய முட்டுக்கட்டை அதுதான், சார்ட்டோ இணையமோ இல்லாதது அல்ல. அதனால்தான் உங்களுக்குப் பதிலாகத் தாள்கள் வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

எதை எப்போது எடுப்பது

கருத்து புதிதா, தெரிந்ததா என்று முதலில் பாருங்கள். கடினத்தன்மை என்றால் என்னவென்றே தெரியாத வகுப்பில் அடுக்ககத் தாளைக் கொடுத்தால், பேச்சு முழுக்கத் தண்ணீர் லாரிக்கும் வாடகைக்கும் போய்விடும். வேதியியல் பக்கமே வராது. புதியவர்களுக்கு வழிகாட்டல் குறைந்தால் நினைவின் சுமை ஏறி எதுவும் தங்காது என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் 2006-ல் எழுதிய விமர்சனம் புகழ்பெற்றது. மறுத்தவர்கள், நன்றாக நடத்தும் சிக்கல்வழியிலும் வினவல்வழியிலும் வழிகாட்டல் நிறையவே இருக்கிறது என்றார்கள். மேலே உள்ள "ஒரு நிமிடம் நிற்க வேண்டும்" என்ற விதியும் தகவல் தாளும் அந்த வழிகாட்டல்தான். வினவலிலும் முதல் முறை கேள்வியையும் செய்முறையையும் நீங்களே கொடுங்கள். முடிவை மட்டும் அவர்கள் காணட்டும். செய்முறையை அவர்களிடமே விடுவது இரண்டாம் மூன்றாம் முறைக்கு. கேள்வியையும் அவர்களிடமே விடுவது அந்த ஆண்டில் ஒருமுறை வாய்த்தால் நல்லது.

பாடத்தில் ஒரு காரணத்தைச் சோதித்துப் பிரிக்க முடிந்தால் வினவல். பல காரணங்கள் பின்னிக் கிடந்து, எதையாவது விட்டுக்கொடுத்துத்தான் முடிவெடுக்க முடியும் என்றால் சிக்கல். பத்தாம் வகுப்புக் கரைசல்கள் பாடத்தில் கரைதிறன் வினவலுக்கு அழகாகப் பொருந்தும். சமூக அறிவியலில் நகர நீர்வளம், காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்குவது போன்றவை சிக்கலுக்கு. கணக்கில் தேற்றங்களுக்கு வினவல் சரி, புள்ளியியலுக்கு இரண்டும்.

நாள்காட்டியையும் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பில் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு திருப்புதல் தேர்வு ஓட்டம். நான்கு பீரியட் கேட்டால் யாரும் தர மாட்டார்கள். சிக்கல்வழியை ஜூலையில் வையுங்கள், அல்லது ஒன்பதாம் வகுப்பில். மழை விடுமுறை வந்து இடையில் ஒரு வாரம் போனால் வினவலுக்குப் பாதிப்பில்லை, சோதனையைத் திரும்பத் தொடரலாம். சிக்கல்வழியில் சூடு ஆறிவிடும், மடித்த தாளும் தொலைந்திருக்கும். அதனால் அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை நான்கு பீரியட் திட்டம் தொடங்காதீர்கள். அந்த மாதங்களில் மழைத் தண்ணீர் பிடித்து வைக்கலாம்.

இரண்டையும் செய்ய இடமிருந்தால் வரிசை வினவல் முதல், சிக்கல் பிறகு. நுரைச் சோதனை முடித்த வகுப்பில் அடுக்ககத் தாளைக் கொடுத்தால், "ஆர்.ஓ." என்று சொல்வதற்கு முன் யாராவது ஒருவர் "அது கடினத்தன்மையா உவர்ப்பா, எதுக்குப் போடறோம்?" என்று கேட்பார்.

மதிப்பெண் போடுவதில் ஒரு வித்தியாசம். வினவலில் நோட்டுப் பக்கத்தைப் பாருங்கள்: கணிப்பு, அளவீடு, கணிப்பை மாற்றிக்கொண்ட வரி. தவறான கணிப்புக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள், குறைத்தால் அடுத்த முறை எல்லோரும் முதல் பெஞ்சைப் பார்த்து எழுதுவார்கள். சிக்கலில் எந்த முடிவு என்பதற்கு மதிப்பெண் இல்லை. எந்த எண்ணை வைத்து அந்த முடிவு, அதனால் யாருக்கு என்ன இழப்பு என்று எழுதியிருக்கிறார்களா என்பதற்குத்தான். "ஒன்றுமே வேண்டாம், கீசரை மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்வோம்" என்று செலவுக் கணக்கோடு எழுதிய குழு முழு மதிப்பெண் வாங்கலாம்.

மிச்சமான சோப்புக் கரைசலை நாள்கணக்கில் வைத்திருக்காதீர்கள். அடுத்த பிரிவுக்கு அடுத்த வாரம்தான் பீரியட் என்றால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். போர் தண்ணீர்ப் பாட்டிலில் ஒட்டிய கசடு தண்ணீரில் போகாது. கொஞ்சம் வினிகர் ஊற்றி ஊறவிட்டால் போகும். அது ஏன் போகிறது என்று பாட்டில் கழுவும் பிள்ளையிடமே கேட்டு வையுங்கள்.